2,63,976 ரூபாயை யார் கட்டுவது? வெள்ளை அறிக்கை பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி: "சார், நான் கிருஷ்ணகிரியில் பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். தமிழ்நாடு அரசின் நிதிநிலை பற்றி 2021-இல் வந்த வெள்ளை அறிக்கையில் ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று இருந்தது. எங்க அப்பா 'நான் எப்போ வாங்கினேன், யாருக்குக் கட்டணும்?' என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் கடன், பற்றாக்குறை இரண்டும் ஒன்றுதானா?"

அப்பா கேட்டது சரியான கேள்வி தம்பி. முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். இதோ போர்டில் எழுதுகிறேன், நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள். 5,70,189 கோடி ரூபாய். இதை 2.16 கோடி குடும்பங்களால் வகுத்தால் 2,63,976 வரும். அவ்வளவுதான் அந்தக் கணக்கு. அரசு வாங்கிய மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறார்கள். உங்கள் அப்பா பெயரில் எங்கேயும் கையெழுத்து இல்லை, எந்த நோட்டீஸும் வராது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெள்ளை அறிக்கையை அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்டது 2021 ஆகஸ்ட் 9-ஆம் தேதி. ஆனால் அந்த 5,70,189 கோடி என்பது 2022 மார்ச் 31 அன்று கடன் எவ்வளவு இருக்கும் என்று 2021 பிப்ரவரியில் வந்த இடைக்கால பட்ஜெட் போட்ட மதிப்பீடு. அந்த பட்ஜெட் கணக்கின்படியே 2021 மார்ச் 31-இல் இருந்த கடன் 4,85,502 கோடி. அதாவது நாம் வகுத்த தொகையில் ஒரு பகுதி, அறிக்கை வெளியான நாளில் இன்னும் வாங்கப்படவே இல்லை. எண் தப்பு என்று நான் சொல்லவில்லை. எந்தத் தேதியின் கடன் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்கிறேன்.

சரி, யாருக்குக் கட்டுவது? மாநில அரசு கடன் வாங்குவதில் பெரும்பகுதி பத்திரம் மூலமாகத்தான். பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் ரிசர்வ் வங்கி மாநிலங்களின் பத்திரங்களை ஏலம் விடும். வாங்குகிறவர்கள் வங்கிகள், எல்ஐசி மாதிரி காப்பீட்டு நிறுவனங்கள், பி.எஃப். நிதிகள். உங்கள் பாட்டி வங்கியில் போட்ட டெபாசிட்டும், ஓசூர் கம்பெனியில் உங்கள் அண்ணனுக்குப் பிடிக்கும் பி.எஃப். பணமும் சுற்றி வந்து அரசுக்குக் கடனாகப் போயிருக்கலாம். கடனை அடைப்பது நாம் கட்டும் வரியிலிருந்து. வட்டி வாங்குகிறவர்களிலும் ஒரு பங்கு நாமே.

ஒரு பத்திரத்தை எடுத்துப் பார்ப்போம். ஆயிரம் கோடி ரூபாய், பத்து வருஷம், ஏழு சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை 35 கோடி வட்டி போகும். அசலில் பத்து வருஷமும் ஒரு பைசா குறையாது. பத்தாம் வருஷக் கடைசியில் ஆயிரம் கோடியையும் மொத்தமாகத் திருப்பித் தர வேண்டும். அன்றைக்கு அரசு என்ன செய்யும்? பெரும்பாலும் புதிதாக ஒரு பத்திரம் விற்று அந்தப் பணத்தில் பழையதை அடைக்கும். வீட்டுக் கடனோடு இதை ஒப்பிடுவது இந்த இடத்தில்தான் பொருந்தாமல் போகிறது. குடும்பம் என்றைக்காவது கடனை முடித்தாக வேண்டும். அரசுக்கு வரி வரும் வழி ஓயாது, அதனால் புரட்டிக்கொண்டே போகலாம். வரும் வருமானத்தில் வட்டி எவ்வளவு தின்கிறது என்பதுதான் அங்கே கவலை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பற்றாக்குறை என்பது ஒரு வருஷத்தில் விழுந்த துண்டு. கடன் என்பது அப்படி வருஷா வருஷம் விழுந்த துண்டுகளின் குவியல். பற்றாக்குறையிலும் இரண்டு வகை உண்டு. அன்றாடச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம். இவற்றுக்கே வருமானம் போதவில்லை என்றால் அது வருவாய்ப் பற்றாக்குறை. பாலம், அணை, கட்டடம் மாதிரி நிலைத்து நிற்கும் செலவையும் சேர்த்து, மொத்தத்துக்கு அந்த வருஷம் எவ்வளவு கடன் வாங்க வேண்டியிருந்தது என்றால் அது நிதிப் பற்றாக்குறை.

வெள்ளை அறிக்கையில் என்னைக் கேட்டால் குடும்பத்துக்கு எவ்வளவு என்ற எண்ணைவிட முக்கியமான இடம் இதுதான். 2020-21-க்கு நிதிப் பற்றாக்குறை 92,305 கோடி. அதில் வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் 61,320 கோடி. நூறு ரூபாய் கடன் வாங்கினால் அதில் 66 ரூபாய் அன்றாடச் செலவுக்கே போய்விட்டது. மீதி 34 ரூபாய்தான் ஏதோ ஒன்றைக் கட்டுவதற்கு. அது கொரோனா வருஷம், வரி வரவு படுத்துவிட்டது, உண்மைதான். ஆனால் 2013-14 முதலே தமிழ்நாடு தொடர்ந்து வருவாய்ப் பற்றாக்குறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் உபரி வந்த வருஷங்கள் பல உண்டு. நோய் வருவதற்கு முன்பே உடம்பு இளைத்திருந்தது.

வாங்கின கடன் எதற்குப் போனது என்பது ஏன் முக்கியம் என்று நம் ஊரை வைத்தே சொல்கிறேன். நான் பென்னாகரம் பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். கேமராவில் தெரிகிறதா பாருங்கள், முன்பல்லில் இந்தப் பழுப்புக் கோடு. ஃப்ளோரைடு. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு இருக்கும். சிலருக்கு முட்டி மடங்காது, இடுப்பு வளையாது. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். மதிப்பு 1,928.80 கோடி ரூபாய். ஜப்பான் கடன் உதவியோடு கட்டியது. மாநில அரசு வெளிநாட்டில் நேரடியாகக் கடன் வாங்க அரசமைப்புச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு இடம் தராது. மத்திய அரசு வாங்கித்தான் மாநிலத்துக்குக் கொடுக்கும். 2008-இல் கடன் ஒப்பந்தம், 2013-இல் திட்டம் திறப்பு. அந்தக் கடனும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வகுக்கிறார்களே, அந்தக் குவியலுக்குள்தான் கிடக்கிறது. ஆனால் குழாய் நிற்கிறது, என் தங்கை பிள்ளைகளுக்குப் பல்லில் கறை இல்லை. இந்தக் கடனையும், ஒரு மாதச் சம்பளம் போட வாங்கிய கடனையும் ஒரே தட்டில் வைத்து 'கடன் ஏறிப்போச்சு' என்று பேசினால் எனக்கு மனசு கேட்கவில்லை. சம்பளமும் கொடுத்தாக வேண்டியதுதான், ஆசிரியருக்கும் நர்ஸுக்கும்தானே போகிறது. ஆனால் அடுத்த மாதமும் அதே செலவு வரும், போன மாதக் கடனும் அப்படியே நிற்கும்.

அரசின் கணக்குப் புத்தகத்தில் நேராகத் தெரியாத ஒரு கடனும் இருக்கிறது. மின்வாரியமும் போக்குவரத்துக் கழகங்களும் தனி நிறுவனங்கள். அவை வாங்கும் கடன் அவற்றின் பெயரில்தான் இருக்கும். பலவற்றுக்கு அரசு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கும். வெள்ளை அறிக்கை இதையும் வெளியே எடுத்து வைத்தது. அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம், மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு 2 ரூபாய் 36 காசு நஷ்டம் என்றது. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு வருகிற பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 45 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு நடைக்கு ஏறத்தாழ 2,660 ரூபாய். ஆனால் இது மாநிலம் முழுவதற்குமான சராசரி. நிற்க இடமில்லாமல் வருகிற அந்த பஸ்ஸுக்கும், அஞ்செட்டி மலைப்பாதையில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகிற பஸ்ஸுக்கும் ஒரே எண்தான். அதனால் 'இந்த ரூட் நஷ்டம், நிறுத்து' என்று இந்த எண்ணைக் காட்டி யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு அந்த ரூட்டின் கணக்கைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்றும் கேட்பீர்கள். வருவாய்ப் பற்றாக்குறை 2021-22-இல் 46,538 கோடிக்கும், 2022-23-இல் 36,215 கோடிக்கும் இறங்கியது. அதே நேரம் மொத்தக் கடன் ஏறிக்கொண்டே போனது. 2024-25 பட்ஜெட்டில் 2025 மார்ச் 31-க்கு மதிப்பிட்ட தொகை 8,33,361 கோடி. டீக்கடையில் ஒருவர் 'பற்றாக்குறை குறைஞ்சிருக்கு' என்பார், இன்னொருவர் 'கடன் கூடியிருக்கு' என்பார், இரண்டு பேரும் பெஞ்சைத் தட்டிச் சண்டை போடுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி. துண்டு சின்னதானாலும் துண்டு விழுகிற வரைக்கும் குவியல் வளரத்தான் செய்யும். அதோடு மாநிலத்தின் மொத்த உற்பத்தியும் வளர்கிறது. அந்த 8,33,361 கோடி உற்பத்தி மதிப்பில் 26.41 சதவீதம் என்று பட்ஜெட்டே சொன்னது. ரூபாயை மட்டும் பார்த்தால் எந்த வருஷமும் பயமாகத்தான் இருக்கும். இந்தச் சதவீதம் ஏறுகிறதா, நிற்கிறதா, அதோடு கடனில் எத்தனை பங்கு அன்றாடச் செலவுக்குப் போகிறது, இந்த இரண்டையும் நாலைந்து வருஷத்துக்கு வரிசையாக எழுதி வைத்துப் பாருங்கள்.

அப்பாவுக்கு என்ன சொல்வது என்றால், 2,63,976 ரூபாயை யாரும் வாசலில் வந்து கேட்க மாட்டார்கள் என்று சொல்லுங்கள். ஆனால் ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பெட்ரோல் போடும்போது, நிலம் பதியும்போது. மின்வாரியக் கடன் தனிக் கணக்குதான், ஆனால் அதற்கும் கட்டுகிறார். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது ஞாபகம் இருக்கிறதா? யூனிட்டுக்கு 2 ரூபாய் 36 காசு நஷ்டம் என்று அறிக்கையில் படித்தோமே, அந்த ஓட்டையை அடைக்கப் போன பணம் அது. அதற்கு முந்தின பில்லையும் பிந்தின பில்லையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரிடம் காட்டுங்கள்.