கண்ணாடிச் சீட்டு போட்டோவில் வந்தால்: பவர் எண்களைப் படிப்பது எப்படி?

[திரையில்: வாட்ஸ்அப்பில் வந்த ஒரு போட்டோ. நான்காக மடித்துப் பிரித்த சீட்டு, டியூப் லைட் வெளிச்சம், ஓரத்தில் ஒரு கட்டைவிரல்]

வணக்கம். இது பாலக்கோட்டில் இருக்கும் என் அத்தையின் கண் பரிசோதனைச் சீட்டு. ஊரில் நடந்த கண் முகாமில் எழுதிக் கொடுத்தது. அத்தைக்கு 52 வயது. மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அம்மாவுக்கு அங்கேயே கண்ணாடி செய்துகொண்டு வரலாம் என்று இந்தப் போட்டோவை வாங்கியிருக்கிறான். ஆர்டர் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பி ஒரு வார்த்தை கேட்டான்: "மச்சான், அம்மாவுக்கு வலது கண்ணு பிளஸ் ஒண்ணே கால்தானே?"

நான் தருமபுரியில் கண்ணாடிக் கடை கவுண்டரில் இருப்பவன். இப்படிப்பட்ட போட்டோக்கள் தினமும் வரும். அவன் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் அது பிளஸ் இல்லை.

[திரையில்: போட்டோவில் தெரிவதை அப்படியே எழுதிக் காட்டுவது]

```
          SPH     CYL    AXIS
R  தூரம்   +1.25   -0.50   100
   கிட்ட   +0.75    "       "
L  தூரம்   -1.00   -0.75   |80
   கிட்ட   +1.00    "       "
ADD +2.00
```

R என்றால் வலது கண், L என்றால் இடது. சில சீட்டுகளில் OD, OS என்று இருக்கும். OD வலது, OS இடது. இது யாருடைய வலது? கண்ணாடி போடுகிறவரின் வலது.

இப்போது எண்கள். பவர் கால் காலாக ஏறும். 0.25 கால், 0.50 அரை, 0.75 முக்கால். அதனால் கடைகளில் நாங்கள் "ஒண்ணே கால்", "ரெண்டே முக்கால்" என்றே சொல்வோம். போட்டோவில் 1.35 என்று தெரிந்தால் அந்த 3 பெரும்பாலும் ஒரு 2 தான். புள்ளி வைக்காமல் 125 என்று எழுதியிருந்தால் அது ஒன்றே கால்.

முதல் கட்டம், SPH, ஸ்பியர். கண்ணாடியின் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருக்கும் பவர் இது. மைனஸ் இருந்தால் கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரம் மங்கும். எவ்வளவு தூரம் வரை தெரியும் என்பதைக்கூட இந்த எண்ணிலிருந்தே சொல்லிவிடலாம். நூறைப் பவரால் வகுத்தால் சென்டிமீட்டரில் விடை வரும். மைனஸ் ஒன்று என்றால் 100 சென்டிமீட்டர், அதாவது ஒரு மீட்டர். மைனஸ் இரண்டு என்றால் 50. மைனஸ் ஒன்றே கால் என்றால் 80. கண்ணாடி இல்லாமல் அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் மங்கல்தான். பிளஸ் பவர்காரருக்கு வேறு மாதிரி. கண் கூடுதலாக உழைத்துத்தான் தெளிவாகப் பார்க்க வேண்டியிருக்கும். வயது ஏற ஏற அந்த உழைப்புக்குத் தெம்பு குறையும். முதலில் கிட்டத்தில் இருப்பது மங்கும், பிறகு தூரமும் மங்கும்.

ஆக, மைனஸ் ஒன்றே காலும் பிளஸ் ஒன்றே காலும் பெயருக்குத்தான் ஒரே எண். இரண்டுக்கும் நடுவே இரண்டரை பவர் வித்தியாசம் இருக்கிறது.

[திரையில்: போட்டோவைப் பெரிதாக்கி வலது கண்ணின் குறியை மட்டும் காட்டுவது]

இந்தக் குறியை நன்றாகப் பாருங்கள். படுக்கைக் கோடு நீல மை. நேர்க்கோடு அப்படியில்லை. அது சாம்பல் நிறத்தில் மேலேயும் கீழேயும் நீண்டு போகிறது, அடுத்த வரியையும் தாண்டுகிறது. அது பேனாக் கோடே இல்லை, காகிதம் மடிந்த தடம். மைனஸ் மேல் மடிப்பு குறுக்கே விழுந்ததால் அது பிளஸாகிவிட்டது.

"மடிப்பு மாதிரி தெரிகிறது" என்பதை மட்டும் நம்பிக் கண்ணாடி செய்ய முடியாது. சீட்டிலேயே சரிபார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. கீழே ADD என்று ஓர் எண் உண்டு. நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் படிப்பதற்காகத் தூரப் பவரோடு கூட்ட வேண்டிய பவர் அது. தூரப் பவரோடு இதைக் கூட்டினால் கிட்டப் பவர் வர வேண்டும்.

இடது கண்ணில் போட்டுப் பாருங்கள். மைனஸ் ஒன்றோடு பிளஸ் இரண்டைக் கூட்டினால் பிளஸ் ஒன்று. சீட்டிலும் அதுதான் இருக்கிறது, சரி. வலது கண்ணுக்கு வருவோம். பிளஸ் ஒன்றே கால் என்று எடுத்துக்கொண்டால் கிட்டப் பவர் மூன்றே கால் வர வேண்டும். சீட்டில் இருப்பது முக்கால். மைனஸ் ஒன்றே கால் என்று எடுத்துக்கொண்டால்?

[திரையில்: -1.25 + 2.00 = +0.75]

முக்கால். கச்சிதமாக உட்காருகிறது. மடிப்பு கீழே இருக்கும் முக்காலின் குறி மேலும் போகிறதே, அதுவும் மைனஸாக இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் வைத்துப் பார்த்தேன். ADD எப்போதும் பிளஸ்தான். மற்ற இரண்டு எண்களுக்கும் வேறு எந்தக் குறியை மாற்றிப் போட்டாலும் கூட்டல் ஒத்துவரவில்லை.

எண்ணுக்கு வெளியேயும் ஒரு சாட்சி இருந்தது. அத்தையிடம் பேசும்போது, "அரிசியில கல்லு பொறுக்கணும்னா கண்ணாடியைக் கழட்டிடுவேன்பா, அப்பதான் நல்லா தெரியுது" என்றார். இந்த வயதில் பிளஸ் பவர்காரர் இப்படிச் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றினால் அவருக்குக் கல்லும் தெரியாது, அரிசியும் தெரியாது. கழற்றினால்தான் கிட்டத்தில் தெரிகிறது என்பது மைனஸ்காரரின் பேச்சு.

வீட்டில் பழைய கண்ணாடி இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்து, மேல்பாதி வழியாகத் தூரத்தில் ஒரு கம்பத்தைப் பாருங்கள். கண்ணாடியை மெதுவாக வலது பக்கம் நகர்த்துங்கள். உள்ளே தெரியும் கம்பமும் வலது பக்கமே போனால் மைனஸ், எதிர்ப்பக்கம் போனால் பிளஸ். எவ்வளவு பவர் என்று இதில் தெரியாது. குறி தெரிந்துவிடும்.

[திரையில்: இரண்டு மாம்பழங்கள், ஒரு செந்தூரா, ஒரு பெங்களூரா]

அடுத்தது CYL, சிலிண்டர். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு இதை மாம்பழத்தை வைத்தே சொல்லிவிடலாம். செந்தூரா ஏறக்குறைய உருண்டை. எந்தப் பக்கம் விரலை ஓட்டினாலும் வளைவு ஒரே மாதிரி இருக்கும். பெங்களூரா நீளம். நீளவாக்கில் ஓட்டினால் வளைவு குறைவு, குறுக்கே ஓட்டினால் அதிகம். கண்ணின் முன்பக்கம், அந்தக் கருவிழி, செந்தூரா மாதிரி இருந்தால் ஸ்பியர் மட்டும் போதும். லேசாகப் பெங்களூரா மாதிரி இருந்தால் ஒரு திசைக்கு ஒரு பவரும் அதற்குக் குறுக்குத் திசைக்கு வேறு பவரும் தேவைப்படும். அந்த வித்தியாசம்தான் சிலிண்டர் எண். இது நோய் இல்லை, கண்ணின் வடிவம் அப்படி. பஸ் போர்டில் எழுத்தின் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு எழுத்து தெரிவது, தெருவிளக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தெரிவது, இதெல்லாம் இதனால்தான்.

[திரையில்: தண்ணீர் நிரப்பிய வழுவழுப்பான கண்ணாடி பாட்டில், கீழே செய்தித்தாள்]

ஆக்சிஸ் என்றால் என்ன என்பதை இந்த பாட்டிலில் பார்த்துவிடலாம். பாட்டிலைச் செய்தித்தாள் வரிகளுக்குச் செங்குத்தாகக் கிடத்துகிறேன். எழுத்துகள் அகலவாக்கில் மட்டும் பெரிதாகின்றன. உயரம் அப்படியே இருக்கிறது. இப்போது வரியோடு சேர்த்துக் கிடத்துகிறேன். உயரம் கூடிவிட்டது, அகலம் மாறவில்லை. அதே பாட்டில், அதே தண்ணீர். திருப்பி வைத்தது மட்டும்தான் வேறு. பாட்டிலின் நீளவாட்டில் பவரே இல்லை, குறுக்குவாட்டில்தான் முழுப் பவரும் இருக்கிறது. பாட்டில் எந்தக் கோணத்தில் கிடக்கிறதோ அதுதான் ஆக்சிஸ்.

கோணத்தை எண்ணுவது இப்படி. கண்ணாடி போட்டவருக்கு எதிரே நின்று அவர் முகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு கடிகாரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 3 மணி இருக்கும் இடம் பூஜ்யம், 12 மணி 90, 9 மணி 180. படுக்கைக் கோட்டைப் பூஜ்யம் என்று எழுதாமல் 180 என்றே எழுதுவார்கள். 180-க்கு மேல் ஆக்சிஸ் கிடையாது. ஆக்சிஸ் பவர் இல்லை. 100 என்று இருந்தால் கண் மோசம் என்று அர்த்தம் இல்லை. "ஐயோ, நூறா!" என்று பயந்து போன் செய்தவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் சாய்வு.

சரி, இப்போது இடது கண்ணின் ஆக்சிஸ். அந்த 80-க்கு முன்னால் ஒரு கோடு இருக்கிறது. அது 1 என்றால் 180. கட்டத்தின் அச்சுக் கோடு என்றால் வெறும் 80. இங்கே கூட்டல் கணக்கு உதவாது. கிட்டப் பார்வை வரியிலும் "மேலே உள்ளதே" என்று இரண்டு புள்ளிகள் மட்டும் போட்டிருக்கிறார்கள்.

80 என்றால் கிட்டத்தட்ட நிமிர்ந்த கோடு. 180 என்றால் படுத்த கோடு. தப்பாகப் போட்டால் என்ன ஆகும்? அத்தையின் இடது கண்ணுக்குச் சிலிண்டர் முக்கால். கண்ணாடியே போடாவிட்டால் திருத்தப்படாமல் நிற்பது அந்த முக்கால்தான். சிலிண்டரை இப்படிக் குறுக்கே திருப்பிப் போட்டால் நிற்பது ஏறத்தாழ ஒன்றரை. குறையைத் தீர்க்க வேண்டிய கண்ணாடி அதை இரண்டு மடங்காக்கிவிடும். 30 டிகிரி தவறினாலே அந்தச் சிலிண்டர் போட்டும் போடாததுமாகிவிடும். போட்டவருக்குத் தலை வலிக்கும், தரை சாய்ந்த மாதிரி இருக்கும். "புதுக் கண்ணாடி, போகப் போகப் பழகிடும்" என்று நாள் கணக்கில் பொறுத்துக்கொள்வார்கள். இது பழகுகிற விஷயம் இல்லை.

வலது கண் 100 என்பதால் இடது 80-ஆக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது உண்மைதான். பலருக்கு இரண்டு கண்ணும் கண்ணாடியில் பார்த்த பிம்பம் மாதிரி அமையும், இரண்டு ஆக்சிஸையும் கூட்டினால் 180 வரும். ஆனால் எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. அதை வைத்து லென்ஸ் வெட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அத்தைக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் காலையில, வாசல்ல வெயில் படாத இடத்துல, சீட்டைத் தட்டு மேல விரிச்சு வச்சு, நேரா மேல இருந்து எடுங்கத்தை. கைல பிடிக்க வேண்டாம்" என்றேன்.

[திரையில்: இரண்டாவது போட்டோ. பகல் வெளிச்சம், எவர்சில்வர் தட்டு, முழுச் சீட்டும் தெரிகிறது]

பகலில் மையின் நிறம் பிரிந்து தெரிந்தது. எண்கள் எல்லாம் நீலம், கட்டங்கள் கறுப்பு. 80-க்கு முன்னால் இருந்த கோடு கறுப்பு. அதில் நீலம் துளிகூட இல்லை. வலது கண்ணின் மைனஸும் மடிப்பு நீங்கித் தனியாகத் தெரிந்தது.

இந்தப் போட்டோவும் மங்கலாக வந்திருந்தால் சீட்டையே பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல்லியிருப்பேன். அதுவும் முடியாவிட்டால் மறுபடி பரிசோதனைதான்.

அத்தை மகனுக்குப் போட்டோவோடு இதையும் எழுத்தாலேயே அனுப்பினேன். கடைக்காரர் போட்டோவைப் பார்த்து வேறு மாதிரி படித்தால் இதோடு வைத்துக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்:

[திரையில்: அனுப்பிய செய்தி]

"வலது: மைனஸ் ஒன்றே கால், சிலிண்டர் மைனஸ் அரை, ஆக்சிஸ் நூறு. இடது: மைனஸ் ஒன்று, சிலிண்டர் மைனஸ் முக்கால், ஆக்சிஸ் எண்பது, நூற்றெண்பது இல்லை. இரண்டுக்கும் படிக்க பிளஸ் இரண்டு கூட்டணும். கருமணிக்கும் கருமணிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று சீட்டில் இல்லை. அதனால் அம்மாவை ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய் கடையிலேயே அளக்கச் சொல்."