சீட்டை எடுக்கும் முன்பே வியர்த்த கை

நண்பர்களே, உள்ளுணர்வு என்று பொதுவாகப் பேச ஆரம்பித்தால் ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்போம். அதனால் ஒரே ஒரு சோதனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அந்துவான் பெச்சாராவும் அந்தோனியோ டமாசியோவும் தங்கள் குழுவோடு செய்தது. முடிவுகள் 1997இல் வெளிவந்தன.

உங்கள் முன்னால் நான்கு சீட்டுக்கட்டுகள். கையில் 2,000 டாலர், விளையாட்டுப் பணம்தான். எந்தக் கட்டிலிருந்து வேண்டுமானாலும் சீட்டு எடுக்கலாம். இரண்டு கட்டுகளில் சீட்டுக்கு 100 டாலர் வரவு, மற்ற இரண்டில் 50தான். இடையிடையே அபராதமும் விழும். 100 தருகிற கட்டில் பத்துச் சீட்டு எடுத்தால் வரவு 1,000, அபராதம் 1,250. 50 தருகிற கட்டில் வரவு 500, அபராதம் 250. கவர்ச்சியான கட்டுதான் கையைக் கடிக்கும், ஆனால் அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

ஆடுபவரின் தோலில் மின்முனை ஒட்டியிருக்கும். லேசாக வியர்த்தாலே கருவி காட்டிவிடும். ஏறக்குறைய பத்துச் சீட்டு எடுத்த பிறகு, மோசமான கட்டை எடுக்கலாமா என்று யோசிக்கும்போதே வியர்வை கூடத் தொடங்கியது. அந்த நேரத்தில் கேட்டால், "ஒன்றும் புரியவில்லை" என்பார்கள். 50ஆவது சீட்டு வாக்கில்தான் லேசான சந்தேகம் வந்தது. 80 வாக்கில் பத்துப் பேரில் ஏழு பேர் காரணத்தையே சொன்னார்கள். மற்ற மூவரால் சொல்ல முடியவில்லை, ஆனாலும் நல்ல கட்டையே எடுத்தார்கள்.

டமாசியோவின் விளக்கம் இது: பட்ட அடி உடலில் ஒரு மாற்றத்தை உண்டாக்குகிறது. அதே வாய்ப்பு திரும்ப எதிரே வரும்போது அந்த மாற்றமும் தலைகாட்டி, நம்மைத் தடுக்கிறது. இரண்டையும் கோத்துத் தருவது, கண்குழிகளுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டியிருக்கும் மூளைப்பகுதி.

அந்தப் பகுதி சேதமான ஆறு பேரும் ஆடினார்கள். எடுக்கும் முன் அவர்களுக்கு வியர்க்கவே இல்லை. அவர்களில் மூவர், எந்தக் கட்டு மோசம் என்று சரியாகவே சொன்னார்கள். சொல்லிவிட்டு அதையே எடுத்தார்கள்!

சரி, இத்தோடு நிறுத்தினால் அழகான கதை. ஆனால் 2004இல் டியாகோ மையாவும் ஜேம்ஸ் மெக்லெலண்டும், கேட்ட கேள்விகள்தான் சிக்கல் என்றார்கள். "என்ன நடக்கிறது, சொல்லுங்கள்" என்று மொத்தமாகக் கேட்காமல், ஒவ்வொரு கட்டுக்கும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். நன்றாக ஆடியவர்களுக்குப் பெரும்பாலும் விஷயம் முன்பே தெரிந்திருந்தது. உடல் அறிவை முந்தியது என்ற வாதம் இங்கே ஆட்டம் காண்கிறது.

நோயாளிகள் பற்றியும் ஒரு கேள்வி வந்தது. மோசமான கட்டுகளில் தொடக்கச் சீட்டுகள் லாபத்தையே தரும். முதலில் பிடித்துப்போனதை மாற்றிக்கொள்வதுதான் இவர்களுக்குக் கடினமோ? லெஸ்லி ஃபெல்லோஸும் மார்த்தா ஃபராவும் அபராதம் ஆரம்பத்திலேயே விழும்படி சீட்டுகளை அடுக்கிப் பார்த்தார்கள். இதே பகுதி சேதமானவர்கள், நலமானவர்களைப் போலவே ஆடினார்கள். வியர்வையை நான் ஒதுக்கிவிடவில்லை, அது நிச்சயம் வருகிறது. ஆனால் கையைத் தடுத்தது அதுதான் என்று இந்தச் சோதனையை மட்டும் வைத்துச் சொல்ல நான் தயாராக இல்லை.