விடியற்காலை நான்கு மணி

வணக்கம் நேயர்களே. நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸிடம் எந்த நேரம் கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். நள்ளிரவு என்று சொல்ல மாட்டார். மூன்றிலிருந்து ஐந்து மணி வரை என்பார். உடல் வெப்பநிலை ரொம்பவும் இறங்கியிருக்கும் நேரம் அது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் கண் சொக்கும்.

மாணவியாக என் முதல் நைட் டியூட்டியில், காலை 7 மணிக்கு எழுந்து, பகலெல்லாம் வகுப்பில் இருந்துவிட்டு, இரவு 8 மணிக்கு வார்டுக்குள் போனேன். நான்கு மணிக்கு நான் 21 மணி நேரமாக விழித்திருந்தேன். ஆறாம் படுக்கை நோயாளியின் நாடித் துடிப்பு 112. அதை ஏழாம் படுக்கையின் சார்ட்டில் எழுதிவிட்டேன். ஆறாம் சார்ட்டில் 82 என்று இருந்தது. டியூட்டி மாறும்போது மூத்த நர்ஸ் ஒருவர் சார்ட்டைப் பார்த்துக்கொண்டே ஆறாம் படுக்கை நோயாளியின் மணிக்கட்டைத் தொட்டதால் பிழைத்தோம். எனக்குத் தூக்கம் வந்ததாகவே அப்போது தெரியவில்லை. ஒரே வரியை இரண்டு முறை படித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்படி நடந்தால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, மருந்து அளவை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள்.

முதல் நைட் டியூட்டிக்கு முன் மாலையில் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டுப் போங்கள். இடைவேளையில் பொறுப்பு நர்ஸ் அனுமதித்தால் 20 நிமிடம் அலாரம் வைத்துக் கண்ணயரலாம். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழுந்து தலை கிறுகிறுக்கும். எழுந்ததும் ஊசி மருந்தைக் கையில் எடுக்காதீர்கள். முகம் கழுவி, கால் மணி நேரம் நடமாடிவிட்டு எடுங்கள்.

காபி? குடியுங்கள், ஆனால் டியூட்டியின் முதல் பாதியில். குடித்த காஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். நான் பல வருடம் ஐந்து மணிக்குக் குடித்துவிட்டு, பகலில் தூக்கம் வரவில்லையே என்று புலம்பியிருக்கிறேன்! வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வண்டியை மட்டும் நீங்கள் ஓட்டவேண்டாம், ஓட்டினால் கண்ணாடியும் வேண்டாம்.

சரி, இதெல்லாம் களைப்புக்கு. இரண்டு நாள் ஓய்வில் நன்றாகத் தூங்கியும் டியூட்டியை நினைத்தாலே வயிறு கலங்குகிறது, நோயாளி கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது, என்ன செய்தாலும் பயனில்லை என்று தோன்றுகிறது என்றால், அது வேறு. அதன் பெயர் பர்ன்அவுட். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதைத் தனி நோயாக அல்லாமல், வேலையோடு சேர்ந்து வரும் ஒரு நிலையாகவே வகைப்படுத்தியது. குட்டித் தூக்கம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. தொடர்ந்து எத்தனை இரவுகள், எந்தெந்த நாளில் இடைவேளை கிடைக்கவில்லை என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆசிரியரிடம் “முடியவில்லை” என்று மட்டும் சொல்லாமல், அந்த நோட்டைக் காட்டி டியூட்டிப் பட்டியலை மாற்றித் தரக் கேளுங்கள்.