குடும்பக் கடையில் வேலை பார்க்கும் சொந்தக்காரருக்குச் சம்பளம்: கணக்கை எப்படி எழுதுவது?

(திரையில்: மளிகைக்கடை கல்லா, அதன் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் நீள நோட்டு.)

வணக்கம். மாமா கடையில் அக்கா மகன் வேலை பார்க்கிறார். மாதம் இவ்வளவு என்று பேசியதே இல்லை. தேவைப்படும்போது கல்லாவிலிருந்து இருநூறு, முந்நூறு. வீட்டுக்கு அரிசியும் எண்ணெயும். ஆறு மாதம் கழித்து, "மாமா, எனக்கு இன்னும் வரவேண்டியிருக்கு" என்கிறார். "நீ எடுத்தது போக என்னடா இருக்கு?" என்கிறார் மாமா. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மருமகனுக்குக் கையில் வாங்கிய ரொக்கம் மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது, மாமாவுக்கு மூட்டையிலிருந்து போன பொருளும் சேர்ந்து ஞாபகத்தில் இருக்கிறது. இந்த ஒரு கடையின் ஒரு மாதக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் சட்டம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், உரிமையாளரோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, அவரை நம்பியே இருக்கிற கணவன், மனைவி, மகன், மகள், அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஆகியோரை 'பணியாளர்' என்று எடுத்துக்கொள்வதில்லை. இந்தப் பட்டியலில் அக்கா மகன் இல்லை. மைத்துனர் இல்லை, மருமகப் பிள்ளையும் இல்லை. தனிக்குடித்தனம் போய்விட்ட தம்பிக்கும் இந்த விலக்கு பொருந்தாது. "சொந்தக்காரன்தானே" என்று நினைக்கும் பலர் சட்டத்தின் கண்ணில் முழுப் பணியாளர்கள்தான்.

(திரையில்: 8 மணி நேரம் / 48 மணி நேரம்; மிகுநேரத்தோடு சேர்த்து 10 / 54.)

அந்தச் சட்டப்படி சாதாரண வேலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. அப்போதும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை.

நம் கணக்குக்கு மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடைக்கு எண்ணை முடிவு செய்யும் முன் கடைப் பணியாளருக்கான குறைந்தபட்சக் கூலி அறிவிப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். சொந்தக்காரர் என்பதற்காக அதற்குக் கீழே போகக்கூடாது. பக்கத்துக் கடையில் வெளியாளுக்கு என்ன தருகிறார்களோ, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

15,600-ஐ 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 600. எட்டால் வகுத்தால் மணிக்கு 75. மிகுநேரம் என்றால் மணிக்கு 150. மருமகன் காலை 9 முதல் இரவு 9 வரை கடையில் இருக்கிறார், சாப்பாடும் ஓய்வுமாக 2 மணி நேரம் போகிறது. ஆக வேலை 10 மணி நேரம். ஆறு நாளும் இப்படி என்றால் வாரத்துக்கு 60 மணி நேரம் ஆகிவிடும், சட்ட வரம்பைத் தாண்டிவிட்டது. வழி எளிது: வாரத்தில் மூன்று நாள் அவர் 11 மணிக்கு வரட்டும், காலைக் கூட்டத்தை மாமா பார்த்துக்கொள்ளட்டும். அப்போது 54 மணி நேரம். மிகுநேரம் வாரத்துக்கு 6, நான்கு வாரத்துக்கு 24. அதற்கு 3,600 ரூபாய். மொத்தச் சம்பளம் 19,200.

வீட்டில் போடும் மதியச் சாப்பாட்டுக்குக் கழிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சோற்றுக்குக் கணக்குப் பார்த்தார்கள் என்ற பேச்சு, அதில் மிச்சமாகும் பணத்தைவிடப் பெரிய நஷ்டம்.

(திரையில்: பற்று நோட்டின் ஒரு பக்கம், அருகில் எடுத்து.)

அடுத்து நோட்டு. ஒருவருக்கு ஒரு நோட்டு. தேதி, வந்த நேரம், போன நேரம், எடுத்த பொருள் அல்லது பணம், ரூபாய், இருவர் சுருக்கொப்பம் என்று ஆறு கட்டம். எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு ராத்திரி எழுதலாம் என்றால் பாதி விட்டுப்போகும். தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியாக எழுதுங்கள், வெள்ளை மை பூசாதீர்கள். கார்பன் தாள் வைத்து எழுதினால் மருமகனுக்கும் ஒரு படி கிடைக்கும்.

அதிகம் சண்டை வருவது பொருளின் விலையில். மாமா அடக்க விலையில் கொடுப்பதாகச் சொல்லியிருப்பார், மாமி விற்பனை விலையில் எழுதியிருப்பார். ஒரு மாத மளிகை அடக்கத்தில் 3,200 என்றால் விற்பனை விலையில் 3,560 வரலாம். 360 ரூபாய் வித்தியாசம். எந்த விலை என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதாமல் போகும் பொருளால் இன்னொரு கெடுதலும் உண்டு: சரக்கு இருப்பு எண்ணும்போது குறையும், வேலைப் பையன் மேல் சந்தேகம் விழும்.

(திரையில்: 19,200 − 3,200 − 2,000 − 1,000 = 13,000.)

மாதக் கடைசியில் நோட்டைக் கூட்டுங்கள். மளிகை 3,200. மகளின் பள்ளிச் சேர்க்கைக்கு வாங்கிய 10,000 முன்பணத்தில் இந்த மாதத் தவணை 2,000. இடையில் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் எடுத்தது 1,000. மீதி 13,000. இதை வங்கிக் கணக்கில் போடுங்கள். கணக்குப் புத்தகம் வைத்து வருமான வரி காட்டும் கடை, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக அதைச் செலவாகக் கழிக்க முடியாது.

இனி மருமகன் வீட்டு பட்ஜெட். இங்கே நடக்கும் தப்பு, கைக்கு வந்த 13,000-ஐ மட்டும் வருமானம் என்று எழுதுவது. அப்படி எழுதினால் மளிகை இலவசம் போலத் தெரியும். நாளை வேறு வேலைக்குப் போனால் அதே மளிகைக்கு 3,560 கையிலிருந்து போகும். அதனால் வரவில் 19,200 முழுதையும் எழுதுங்கள். செலவில் மளிகை 3,200, முன்பணத் தவணை 2,000, ஏற்கெனவே எடுத்தது 1,000, வாடகை 5,000, பால் காய்கறி மீன் 3,500, சிலிண்டர் கரண்ட் போன் 1,500, பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்குவது 1,500. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், பில் வராத மாதமும் பாதியை எடுத்து வையுங்கள். மொத்தம் 17,700. மிச்சம் 1,500.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. மிகுநேரப் பணமான 3,600 எல்லா மாதமும் வராது. வியாபாரம் மந்தமான மாதத்தில் 15,600 மட்டும்தான். செலவு அதைவிட 2,100 அதிகம். அதில் 2,000 முன்பணத் தவணை, அது ஐந்தாவது மாதத்தோடு முடிந்துவிடும். அதுவரை மாத மிச்சமான 1,500-ஐத் தொடாமல் வைத்திருந்தால் மந்தமான மாதத்தைச் சமாளிக்கலாம். ஒரு முன்பணம் தீருமுன் இன்னொன்று வாங்கினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். மாமாவும் அதைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் விதிவிலக்கு.

மதியம் கல்லாவில் உட்காரும் மாமிக்கும் நேரத்தை எழுதி, அவர் பெயரிலுள்ள கணக்கில் மாதம் ஒரு தொகை போட வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனைவிக்குத் தரும் சம்பளம் வரிக் கணக்கில் கணவர் வருமானத்தோடு சேர்க்கப்படலாம். ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மருமகன் கடையை விட்டுப் போகும் நாளில், கடைசிப் பக்கத்தில் வரவேண்டிய சம்பளம், மீதி முன்பணம், நிலுவை மளிகை மூன்றையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள்.