தொனிப்பொருள் கட்டுரையை எப்படி அறிமுகம் செய்வது?

நேயர்களுக்கு வணக்கம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இப்போது கருத்தரங்குகள் அடிக்கடி நடக்கின்றன. அவற்றில் கருத்தரங்கின் மையக் கருத்தை முன்வைக்கும் தொனிப்பொருள் கட்டுரையையும், எல்லா அமர்வினரும் ஒன்றாகக் கூடும் முழுநிலை அமர்வையும் அறிமுகம் செய்யும் பொறுப்பு உங்களிடம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்பதை ஒரு கற்பனைக் கருத்தரங்கை வைத்துச் சொல்கிறேன்.

கனகராயன் ஆற்று நீரைப் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு என்று வைத்துக்கொள்வோம். அமர்வுகள் நான்கு. முதலாவது, ஆற்றின் மேற்பகுதிக் காடும் மண்ணரிப்பும். இரண்டாவது, இரணைமடு போன்ற குளங்களின் கட்டும் துருசும். மூன்றாவது, சிறுபோகத்துக்கு நீர் பங்கிடுவது. நான்காவது, குடிநீரும் நன்னீர் மீன்பிடியும். நிகழ்ச்சி நிரலைப் பார்க்கிற விவசாயி மூன்றாவதற்குப் போவார், பொறியியலாளர் இரண்டாவதற்குப் போவார். ஒருவர் பேசியது மற்றவருக்குத் தெரியாமலே இரண்டு நாளும் முடிந்துவிடும்.

இதைத் தடுக்கத்தான் தொடக்கத்தில் தொனிப்பொருள் கட்டுரை வைக்கிறோம். ஆனால் அதை அறிமுகம் செய்பவர் கட்டுரையாளரின் பட்டங்களை வாசிப்பார், பிறகு கட்டுரையின் சுருக்கத்தையும் சொல்லிவிடுவார். கட்டுரையாளர் எழும்பும்போது அவருக்குச் சொல்ல மிச்சமிராது. பட்டங்கள் நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருக்கின்றன, இரண்டு வரி போதும்.

நீங்கள் செய்யவேண்டியது வேறு. கட்டுரையை இரண்டு வாரம் முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். அது எழுப்பும் மையக் கேள்வியை ஒரே வசனத்தில் எழுதுங்கள். நம் உதாரணத்தில் அது இப்படி வரும்: “மாரியில் சேர்ந்த தண்ணீரில் சிறுபோகத்துக்கு எவ்வளவு விடலாம், அதை யார் தீர்மானிப்பது?” பிறகு அமர்வுத் தலைவர்கள் நால்வரையும் அழைத்து, இந்தக் கேள்விக்கு உங்கள் அமர்வு எதைத் தரும், எந்த அமர்விடமிருந்து எதை எதிர்பார்க்கும் என்று கேளுங்கள். இரண்டாவது பாதிக்குப் பதில் சொல்லத் தலைவர் தடுமாறினால் அந்த அமர்வு தனித்து நிற்கிறது என்று அர்த்தம். அதைக் கருத்தரங்குக்கு முன்பே கண்டுபிடிப்பது நல்லது.

பதில்கள் கையில் இருந்தால் அறிமுகம் தானாக உருவாகும். “மேலே காடு அழிந்தால் மண் கரைந்து குளத்தில் படியும். முதல் அமர்வு வண்டல் என்று சொல்வதை இரண்டாம் அமர்வு கொள்ளளவுக் குறைவு என்று அளக்கும். அதே குறைவு மூன்றாம் அமர்வில் விதைக்க முடியாத ஏக்கராக வரும். நான்காம் அமர்வு, குளத்தின் அடியில் எவ்வளவு நீரை விட்டுவைக்கவேண்டும் என்று கேட்கும்.” இவ்வளவைச் சொன்னாலே, தன் அமர்வுக்கு மட்டும் வந்த பேராளர் பக்கத்து அமர்வையும் எட்டிப் பார்ப்பார்.

இன்னொன்று, சொற்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று விவசாயி கேட்பார். பொறியியலாளர் ஏக்கர் அடியில் பேசுவார். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர் அடி. முன்னது உயரம், பின்னது கனஅளவு. குளம் கிண்ணம்போல மேலே அகன்றிருப்பதால், மேலே ஓர் அடி குறைவதும் அடியில் ஓர் அடி குறைவதும் சமமல்ல. இதை அறிமுகத்தில் அரை நிமிடத்தில் விளக்காவிட்டால் மூன்றாம் அமர்வில் இரு தரப்பும் வேறு வேறு அளவுகளை மனதில் வைத்துக்கொண்டு வாதாடும். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடத்துக்குள் முடியவேண்டும்.

முழுநிலை அமர்வின் அறிமுகத்தை முன்கூட்டியே எழுதிவைக்காதீர்கள். அப்படி எழுதினால் நடக்காததைப் பற்றித்தான் பேசுவீர்கள். ஒவ்வொரு அமர்விலும் குறிப்பெடுப்பவர் ஒருவரை நியமித்து, அரைப் பக்கத்தில் மூன்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: எதில் உடன்பாடு, எதில் முரண்பாடு, எந்தக் கேள்வியை வேறு அமர்வுக்கு அனுப்புகிறோம். இரண்டாம் நாள் மதிய உணவு வேளையில் நான்கு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இந்த உதாரணத்தில் சிறுபோகப் பரப்பைக் கூட்டவேண்டும் என்று மூன்றாம் தாளும், மீனுக்கும் குடிநீருக்கும் நீர் இருக்கவேண்டும் என்று நான்காம் தாளும் சொல்லக்கூடும். அந்த மோதலைத்தான் மேடையில் வைக்கவேண்டும்.

நான்கு தலைவர்களும் வரிசையாகத் தம் அறிக்கைகளை வாசித்தால் அது முழுநிலை அமர்வாகாது. மூன்று நிமிடத்தில் மோதலைச் சொல்லி, தொனிப்பொருள் கட்டுரையின் கேள்வியை மறுபடி வாசித்து, முதல் ஒலிவாங்கியைப் பங்கீட்டு அமர்வின் தலைவரிடம் கொடுங்கள். அவரிடம் கேட்கவேண்டியது: “நான்காம் அமர்வு கேட்கிற நீரை ஒதுக்கினால், எந்த வாய்க்காலின் கீழ் எவ்வளவு பரப்பைக் குறைப்பீர்கள்?”

வணக்கம்.