விரலுக்குத் தெரியாத விளிம்புக் கோடு: ஸீப்ராவிலும் சீப்பிலும் பார்ப்போம்

வணக்கம் உறவுகளே. கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி தான் வரைந்த புளூடூத் ஸ்பீக்கர் பெட்டியின் கோப்பை அனுப்பியிருக்கிறார், ரைனோ என்கிற முப்பரிமாண மென்பொருளில் வரைந்தது. மேல்பக்கம் தட்டை, பக்கச் சுவர் நேர்குத்து, இரண்டும் சேரும் விளிம்பில் 10 மில்லிமீட்டர் ஆரையில் ஒரு ஃபில்லெட், அதாவது விளிம்பை உருட்டிவிடும் வட்ட வில். முப்பரிமாண அச்சில் மாதிரி எடுத்து, நன்றாகத் தேய்த்து, கறுப்பு மினுக்கப் பெயின்ற் அடித்திருக்கிறார். விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறதாம். விளக்கடியில் பிடித்தால் மட்டும் வளைவு தொடங்குகிற இடத்தில் ஒரு கோடு தெரிகிறதாம். "அண்ணா, பெயின்ற் பிழையா?" என்று கேட்டிருக்கிறார். பெயின்ற் பிழை இல்லை, தம்பி. கோடு கோப்பிலேயே இருக்கிறது. வாங்கோ, பார்ப்போம்.

இப்ப திரையில் `Zebra` போடுகிறேன். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பொருளின் மேல் விழுகின்றன. வாகனம் திருத்துகிற கராஜில் கதவில் விழும் ரியூப் லைற்றின் பிம்பத்தைப் பார்த்தே நெளிவைக் கண்டுபிடிப்பார்களே, இங்கும் அதே வேலைதான் நடக்கிறது. பொருத்துக்கு மட்டும் கிட்டே போகிறேன். வடிவாகப் பாருங்கோ. பட்டை விட்டுப்போகவில்லை, இந்தப் பக்கப் பட்டை அந்தப் பக்கப் பட்டையைத் தொடுகிறது. ஆனால் தொடும் இடத்தில் சட்டென்று முறிந்து திரும்புகிறது. இதுதான் G1, திசை ஒத்துப்போகிறது, வளைவின் அளவு ஒத்துப்போகவில்லை. பட்டை துண்டாகி விலகி நின்றிருந்தால் வெறும் G0, அதாவது இரண்டு பரப்பும் ஒட்டியிருக்கும், திசை ஒத்துப்போகாது. முறிவே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் G2, வளைவின் அளவும் ஒத்துப்போகிறது.

ஒரே கோணத்தில் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். பட்டை பொருத்துக்குச் சமாந்தரமாக ஓடினால் முறிவு கண்ணில் படாது. பட்டையின் திசையை மாற்றுங்கள், பொருளைச் சுழற்றிப் பாருங்கள். இன்னொன்று, பட்டையின் ஓரம் பல்லுப் பல்லாகத் தெரிந்தால் பரப்பைக் குறை சொல்லாதீர்கள். பரப்பைத் திரையில் காட்டுகிற சிறு முகங்களின் வலை, அதாவது மெஷ், சொரசொரப்பாக இருந்தாலும் அப்படித்தான் தெரியும். மெஷ்ஷை நுணுக்கமாக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

சரி, முறிவு இருக்கிறது என்று ஸீப்ரா சொல்லிவிட்டது. ஏன் என்று சொல்வது சீப்பு, கோட்டின் மேல் பல்லுப் பல்லாக நிற்கும் வளைவு வரைபடம். வளைவுக்குக் குறுக்காக ஓடும் ஒரு ஐசோகேர்வை, அதாவது பரப்பின் சொந்த வலைக்கோட்டை, எடுத்து `CurvatureGraph` போடுகிறேன். வெட்டுமுகம் எடுத்து வரும் கோட்டில் பார்ப்பது எனக்கு விருப்பமில்லை. அந்தக் கோட்டை மென்பொருள் தோராயமாகப் பொருத்தி வரைவதால், பரப்பில் இல்லாத நடுக்கமும் சீப்பில் வந்துவிடும்.

சீப்பின் ஒவ்வொரு பல்லின் உயரமும் அந்த இடத்தின் வளைவு, அதாவது ஒன்றை ஆரையால் வகுத்தது. தட்டையில் பல்லே இல்லை, பூச்சியம். ஃபில்லெட் தொடங்கியதும் ஒரே பாய்ச்சலில் 0.1. முடியும் வரை அதே உயரத்தில் மதில் மாதிரி நின்று, திரும்பவும் பூச்சியத்துக்கு விழுகிறது. இந்தப் பாய்ச்சலைத்தான் கண் கோடாகப் பிடிக்கிறது. விரலுக்குத் திசை மாறினால் தெரியும், வளைவு மட்டும் மாறினால் அவ்வளவு தெரியாது.

இப்ப ஃபில்லெட்டை அழித்துவிட்டு, மூலையில் இருந்து அதே 10 மில்லிமீட்டரில் தொடங்கி, இரண்டு பரப்பையும் இணைக்கும் `BlendSrf` போட்டு, இரு பக்கமும் Curvature தெரிவு செய்கிறேன். சீப்பு பூச்சியத்தில் இருந்து ஏறி, நடுவில் உச்சம் தொட்டு, இறங்குகிறது. ஸீப்ராவிலும் முறிவு போய்விட்டது. ஆனால் விளிம்பு முன்பைவிடக் கூராகத் தெரிகிறது, இல்லையா?

காரணம் இதுதான். சீப்பின் அடியில் உள்ள பரப்பளவு என்பது கோடு மொத்தமாகத் திரும்பிய கோணம். 90 பாகை திரும்ப 1.57 ஆரையன் வேண்டும். ஃபில்லெட்டில் 15.7 மில்லிமீட்டர் நீளம், 0.1 உயரம், கணக்குச் சரி. இப்போது இரு முனையிலும் பல் கட்டையாகிவிட்டது, அந்தக் குறையை நடுப்பகுதிதான் உயர்ந்து ஈடுசெய்ய வேண்டும். சீப்பு முக்கோணமாக ஏறி இறங்குகிறது என்று வைத்தால் உச்சம் ஏறக்குறைய 0.19. ஆரையாகச் சொன்னால் 5.3 மில்லிமீட்டர், பழைய ஆரையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

உச்சத்தைத் திரும்ப 0.1க்குக் கொண்டுவர, வளைவை மூலையில் இருந்து 10 மில்லிமீட்டரில் அல்ல, ஏறக்குறைய 19 மில்லிமீட்டரில் தொடங்க வேண்டும். அதனால்தான் G2 என்பது கட்டளையை மாற்றினால் மட்டும் கிடைத்துவிடாது, அதற்கு இடமும் ஒதுக்க வேண்டும். தம்பியின் பெட்டியில் மேல்பக்க பட்டன் விளிம்பில் இருந்து 15 மில்லிமீட்டரில் இருக்கிறது. ஒன்றில் பட்டனை உள்ளே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் கூரான விளிம்பை ஏற்க வேண்டும். நான் பட்டனைத் தள்ளுவேன். கறுப்பு மினுக்கத்தில் விளிம்புதான் முதலில் கண்ணில் விழும்.

சீப்பை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே அளவுத்திட்டம் வையுங்கள். அளவைக் கூட்டினால் சின்ன அசைவும் மலையாகிவிடும். பல் ஏறி, இறங்கி, திரும்ப ஏறினால் கவலைப்படுங்கள், அந்த இடத்தில் பிம்பம் நெளியும். பல் மறுபக்கம் பாய்ந்தால் குழிவு குவிவாக மாறுகிறது என்று அர்த்தம். இந்தப் பெட்டியில் அதற்கு இடமே இல்லை.

மூன்று விளிம்பும் சேரும் மூலைகளில் ஒரு ஐசோகேர்வின் சீப்பு முழுக்கதையையும் சொல்லாது. அங்கே நான் திரும்ப ஸீப்ராவுக்குத்தான் வருவேன், பொருளை மெதுவாகச் சுழற்றி, பட்டை எங்கே இறுகுகிறது என்று பார்ப்பேன்.