குரல் மேல விழுந்த குரைப்பு

வணக்கம். வீட்லயே உக்காந்து பேட்டி ரெக்கார்ட் பண்றவங்க நிறைய பேர் கேக்குற விஷயம் இது. நல்லா பேசிட்டிருக்கும்போது தெருநாய் குரைச்சிருச்சு, அத எடுக்கப் போனா பேசுறவங்க குரலே தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடுதுன்னு சொல்றாங்க. பெரும்பாலும் அவங்க நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டிருப்பாங்க. அது ஃபேன், ஏசி மாதிரி விடாம ஒரே சீரா வர்ற இரைச்சலுக்கு உள்ளது. குரைப்பு பெரும்பாலும் ஒரு செகண்டு கூட இருக்காது, ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி இருக்கும். அதனால அந்த எஃபெக்ட் நாயை விட்டுட்டு குரலத்தான் அரிக்கும்.

முதல்ல குரைப்பு எங்க விழுந்திருக்குன்னு பாருங்க. பேச்சுக்கு நடுவுல உள்ள இடைவெளியில விழுந்திருந்தா சுலபம், அந்த இடத்த வெட்டிடலாம், ஆனா வெட்டிட்டு வெறுமையா விடக்கூடாது. அந்த ரூமுக்குன்னு ஒரு மெல்லிய சத்தம் இருக்கும், ரூம் டோன்னு சொல்வாங்க, அது திடீர்னு நின்னா காதுக்கு உடனே தெரிஞ்சிடும். அதே ரெக்கார்டிங்ல யாரும் பேசாத இடத்துல இருந்து கொஞ்சம் எடுத்து அங்க வச்சு, ரெண்டு முனையிலயும் ஒரு 10, 20 மில்லி செகண்டு கிராஸ்ஃபேட் குடுங்க, அதாவது ஒரு சத்தம் மெதுவா குறையும்போதே அடுத்தது மெதுவா ஏறணும். குரைப்பு முடிஞ்ச பிறகும் அதோட எதிரொலி சுவத்துல பட்டு கொஞ்ச நேரம் நிக்கும், அதையும் சேத்து எடுக்கணும், இல்லன்னா அந்த வால் மட்டும் தனியா கேக்கும்.

கஷ்டம் எங்கன்னா குரைப்பு நேரா வார்த்தை மேல விழும்போதுதான். ஒரு பாட்டி பேசுறாங்கன்னு வைங்க, "கும்பகோணத்துல இருந்தோம்"னு சொல்றாங்க, சரியா அந்த "கோ" மேல ஒரு குரைப்பு. இங்க அதிர்வெண் வாரியா சத்தத்த ஏத்தி இறக்குற ஈக்யூவ எடுத்து குறுக்கால ஒரு வெட்டு வெட்டாதீங்க, நேரத்த இடமிருந்து வலமாவும் அதிர்வெண்ண கீழிருந்து மேலாவும் படமா காட்டுற ஸ்பெக்ட்ரோகிராம்ல ட்ராக்க திறங்க, ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருள்லயே அந்தப் பார்வை இருக்கு. குரல் ஏணிப்படி மாதிரி கோடு கோடா கிட்டத்தட்ட படுக்கையா தெரியும், குரைப்போட கோடுகள் சட்டுனு ஏறி வளைஞ்சு இறங்கும், அந்த வளைவ வச்சே ரெண்டையும் பிரிச்சுப் பாத்துடலாம்.

பாட்டி குரல் 200 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தா அதோட கோடுகள் 200, 400, 600னு போகும். நாயோட முதல் கோடு 600 பக்கம், அப்புறம் 1200, 1800, 2400ன்னு வச்சுப்போம். "ஓ"ங்கிற உயிரோட பலம் பெரும்பாலும் 1000க்குக் கீழதான். அதனால மேல உள்ள நாய்க் கோடுகள ஒவ்வொண்ணா தேர்ந்தெடுத்து தைரியமா 12, 15 டெசிபல் இறக்கலாம், குரலுக்கு அவ்வளவா சேதம் வராது. ஆனா 600ல நாயும் பாட்டியும் ஒண்ணா உக்காந்திருக்காங்க, அங்க 3, 4 டெசிபல் போதும், அதுக்கு மேல இறக்கினா அந்த "கோ" சொத்தையாயிடும். மிச்சம் இருக்குற குரைப்ப பாட்டி குரலே மூடிக்கும், முழுசா அழிக்கணும்னு நினைக்காதீங்க, அங்கதான் நிறைய பேர் நல்ல குரல கெடுத்துடறாங்க.

இதே குரைப்பு "ஈ" மேல விழுந்தா கணக்கே மாறிடும். அந்த எழுத்தோட அடையாளமே 2000க்கு மேல உள்ள பகுதியிலதான் இருக்கு, அத இறக்கினா "வீடு" கிட்டத்தட்ட "வூடு"ன்னு காதுல விழும். அதனால அங்க மேல உள்ள கோடுகளத்தான் மெதுவா தொடணும்.

வேலை சரியா நடந்திருக்கான்னு பாக்க எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி ஒண்ணு இருக்கு. பழைய ட்ராக், சரி பண்ண ட்ராக் ரெண்டையும் ஒரே இடத்துல ஆரம்பிக்கிற மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வச்சு, ஒண்ண மட்டும் இன்வெர்ட் பண்ணி, அதாவது அதோட அலைய தலைகீழா திருப்பி, சேத்துப் பிளே பண்ணுங்க. ரெண்டுலயும் ஒண்ணா உள்ளது அடிபட்டுப் போய், நீங்க எடுத்தது மட்டும் கேக்கும். அதுல நாய் மட்டும் கேட்டா நிம்மதி, பாட்டி "கோ"ன்னு சொல்றதும் அதுல தெளிவா கேட்டா, அந்த அளவுக்கு அவங்க குரலயும் நீங்க பிடுங்கிட்டீங்கன்னு அர்த்தம், அன்டூ பண்ணி திரும்ப குறைவா இறக்குங்க.

இதையெல்லாம் கம்ப்ரெஸர் போடறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும், ஏன்னா கம்ப்ரெஸர் சத்தமான குரல அமுக்கி மொத்த லெவல ஏத்தும்போது, பின்னாடி அடங்கிக் கிடந்த குரைப்பு மேல வந்துடும். நாய் மைக்குக்கு ரொம்பப் பக்கத்துல இருந்து குரலவிட சத்தமா குரைச்சிருந்தா எந்த வடிகட்டலும் உதவாது. அதே பேட்டியில அவங்க அந்த வார்த்தைய வேற எங்கயாவது அதே தொனியில சொல்லியிருந்தா அங்க இருந்து எடுத்து வைங்க. இல்லன்னா அதே ரூம்ல, அதே மைக்ல, அதே தூரத்துல உக்கார வச்சு அந்த ஒரு வார்த்தைய மட்டும் இல்லாம முழு வாக்கியத்தையும் திரும்ப சொல்லச் சொல்லி வாங்கிக்கோங்க.